வரி உத்தரவை எதிர்த்து மேலே செல்லும் வழி: ஏற்காட்டுத் தோட்ட வழக்கு ஒன்றை முன்வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

வங்கியில் போட்ட ரொக்கம் முழுவதையும் வருமானம் என்று எழுதி உத்தரவு வந்துவிட்டது. இனி யாரிடம் முறையிடுவது?

வருமான வரியில் நான்கு படிகள் இருக்கின்றன. முதல் படி, துறைக்குள்ளேயே இருக்கும் ஆணையர் (மேல்முறையீடுகள்). இரண்டாவது, வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். சேலம் மாவட்டத்து வழக்குகளை அதன் சென்னை அமர்வு விசாரிக்கிறது. மூன்றாவது சென்னை உயர் நீதிமன்றம், நான்காவது உச்ச நீதிமன்றம். இந்த நான்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில்லை. எது எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பது தெரியாமல்தான் பலர் நல்ல வழக்கைக்கூட இழக்கிறார்கள்.

இதைத் தெளிவாகப் பார்க்க ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் சிக்கல்கள் எல்லாம் சேவராயன் மலையில் உண்மையாகவே எழக்கூடியவை. ஏற்காட்டில் ஒருவருக்கு 30 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடியும் ஏற்றியிருக்கிறார். 2019-20 நிதியாண்டில் சேலத்தில் உள்ள தம் வங்கிக் கணக்கில் பல தவணைகளாக 20 லட்ச ரூபாய் ரொக்கம் செலுத்தினார். வாடகையும் வட்டியும் சேர்ந்து 3 லட்ச ரூபாய் வருமானம் காட்டி, விவசாய வருமானத்தை விலக்குக்குரியதாகக் குறிப்பிட்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்தார். வழக்கு ஆய்வுக்கு எடுக்கப்பட்டது. நோட்டீஸ்கள் வருமான வரி இணையதளத்திலும், அவர் எப்போதோ கைவிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரியிலும் வந்து கிடந்தன, அவர் பார்க்கவில்லை. பதில் வராததால் மதிப்பீட்டு அலுவலர் 144-ஆம் பிரிவின்படி தம் கையில் இருந்த விவரங்களை மட்டும் வைத்து முடிவெடுத்தார். 20 லட்சமும் கணக்கில் வராத பணம் என்று 69A பிரிவில் சேர்க்கப்பட்டது. அப்படிச் சேர்க்கப்பட்ட தொகைக்கு அந்த ஆண்டில் வரி 60 சதவீதம், அதாவது 12 லட்சம். அதன்மேல் 25 சதவீதக் கூடுதல் வரி 3 லட்சம். இந்த 15 லட்சத்துக்கு 4 சதவீத செஸ் 60,000. ஆக மொத்தம் 15,60,000 ரூபாய், வட்டி தனி.

எத்தனை நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும்? எனக்கு நாள் தாண்டிவிட்டதே!

டிமாண்ட் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். படிவம் 35-ஐ இணையதளத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். மதிப்பிடப்பட்ட வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால் கட்டணம் 1,000 ரூபாய். ரிட்டர்னில் நீங்களே ஒப்புக்கொண்ட வருமானத்துக்கான வரியைக் கட்டியிருந்தால்தான் மேல்முறையீடு ஏற்கப்படும். (இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சேர்ந்தவை. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய சட்டத்தின்படியே நடக்கின்றன.)

நாள் தாண்டியிருந்தால், போதிய காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். நம் தோட்டக்காரருக்கு 2022 செப்டம்பர் 20-இல் நோட்டீஸ் சார்வு செய்யப்பட்டதாகப் பதிவாகியிருந்தது. அவர் மேல்முறையீடு செய்தது டிசம்பர் 12-இல். ஆக 53 நாள் தாமதம். ‘உடல்நிலை சரியில்லை, ஆகவே தாமதம்’ என்ற ஒற்றை வரி இங்கே உதவாது. உத்தரவு எந்த முகவரிக்குப் போனது, அந்த முகவரி எப்போது கைவிடப்பட்டது, வங்கிக் கணக்கு முடக்கப்பட்டதை எந்தத் தேதியில் அறிந்தார், அதன்பின் ஆடிட்டரைப் பார்த்தது எப்போது என்று தேதிவாரியாக எழுதி, உறுதிமொழிப் பத்திரத்துடன் இணைக்க வேண்டும். மனு போடுவதற்கு முந்தைய கடைசிச் சில நாட்களுக்கும் விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மனுக்கள் தொடக்கத் தாமதத்தை விரிவாகச் சொல்லிவிட்டு, விவரம் தெரிந்த பிறகு ஆன தாமதத்தை விட்டுவிடுகின்றன.

மேல்முறையீடு போட்டுவிட்டால் வசூல் நின்றுவிடுமா?

நிற்காது. வசூலை நிறுத்தி வைக்க 220(6) பிரிவின்படி மதிப்பீட்டு அலுவலரிடம் தனியாக மனு கொடுக்க வேண்டும். மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அறிவுறுத்தல்படி பிரச்சினைக்குரிய வரியில் 20 சதவீதத்தைக் கட்டினால் மீதியை நிறுத்தி வைப்பது வழக்கம். நம் வழக்கில் அது 3,12,000 ரூபாய். இந்த 20 சதவீதம் மாற்ற முடியாத எல்லை அல்ல என்றும், தக்க வழக்குகளில் அதைவிடக் குறைவாகவும் கேட்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாக்கியிருக்கிறது. குறைவாகக் கேட்பதாயின், வழக்கின் முகாந்திரம், பண நெருக்கடி, கட்டினால் நேரக்கூடிய ஈடுசெய்ய முடியாத பாதிப்பு ஆகிய மூன்றையும் மனுவில் எழுத வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். கட்டாமல் நிற்கும் தொகைக்கு மாதம் 1 சதவீதம் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் வென்று பணம் திரும்ப வரும்போது கிடைப்பதோ மாதம் அரை சதவீதம். இந்த ஏற்றத்தாழ்வு நியாயமானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் சட்டம் இப்படி இருக்கும்வரை, எவ்வளவு கட்டுவது, எவ்வளவு நிறுத்தி வைப்பது என்பதை இதையும் கணக்கிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் மேல்முறையீட்டில் என்னென்ன ஆவணம் கொடுக்க வேண்டும்? அலுவலரிடம் கொடுக்காததை இங்கே கொடுக்க முடியுமா?

முடியும், ஆனால் உரிமையாகக் கேட்க முடியாது. 46A விதி நான்கு சூழ்நிலைகளில் மட்டும் புதிய ஆதாரத்தை அனுமதிக்கிறது. கொடுத்த ஆதாரத்தை அலுவலர் வாங்க மறுத்திருக்க வேண்டும். அல்லது அவர் கேட்ட ஆதாரத்தைப் போதிய காரணத்தால் கொடுக்க இயலாமல் போயிருக்க வேண்டும். அல்லது மேல்முறையீட்டுக்குத் தேவையான ஆதாரத்தை அப்படியே கொடுக்க இயலாமல் போயிருக்க வேண்டும். அல்லது போதிய வாய்ப்புத் தராமல் உத்தரவு போடப்பட்டிருக்க வேண்டும். ஆவணங்களோடு, இந்த நான்கில் எது தமக்குப் பொருந்துகிறது என்று காட்டும் தனி மனுவும் கொடுக்க வேண்டும். அந்த மனு இல்லாத ஒரே காரணத்தால் நல்ல ஆவணங்கள் பார்க்கப்படாமலே போவதுண்டு.

நம் தோட்டக்காரர் கொடுத்தவை இவை: சிட்டா, அடங்கல், காப்பி வாரியப் பதிவு, வியாபாரிகளின் கொள்முதல் பில்கள், கூலிப் பதிவேடு, முந்தைய இரண்டு ஆண்டுகளின் வங்கிக் கணக்கு. அடங்கலைப் பற்றிப் பலருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்பதை அது காட்டும். எத்தனை மூட்டை விளைந்தது, யாருக்கு என்ன விலைக்குப் போனது என்பதைக் காட்டாது. அந்த இடைவெளியை நிரப்புவது வியாபாரியின் பில்லும், அவருடைய கணக்கில் இருக்கும் பதிவும்தான். பில்லில் வியாபாரியின் பான் எண், எடை, விலை, தேதி நான்கும் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ‘இவரிடம் காப்பி வாங்கினேன்’ என்று பின்னாளில் எழுதி வாங்கிய கடிதத்துக்கு அந்த மதிப்பு வராது. ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், வரிசை எண் ஒன்றுகூட விட்டுப்போகாமல் இருக்கும் பில் கட்டு, அதைப் பார்ப்பவருக்கு முதலில் சந்தேகத்தைத்தான் உண்டாக்கும். ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே விற்பனைக்கோ 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 269ST பிரிவு தடுப்பதால், ஒவ்வொரு விற்பனையின் தொகையும் அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது தேதிகள். சேவராயன் மலையில் அராபிக்கா பழம் பறிப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள். மிளகு அதையொட்டி வரும். நம் வழக்கில் 20 லட்சத்தைத் தேதிவாரியாகப் பிரித்து எழுதியபோது, 14 லட்சம் டிசம்பர் முதல் மார்ச் வரை செலுத்தப்பட்டிருந்தது. 3 லட்சம் அவருடைய இன்னொரு வங்கிக் கணக்கிலிருந்து சில நாட்கள் முன்பு எடுத்த ரொக்கம் என்பது இரு கணக்குகளையும் பக்கத்தில் வைத்தவுடன் தெரிந்தது. மீதி 3 லட்சம் ஜூலையில் செலுத்தப்பட்டது. ஜூலையில் மலையில் அறுவடை ஏதும் இல்லை. உள்தோலோடு உலர்த்தி இருப்பில் வைத்த காப்பிக்கொட்டையை, அதாவது பார்ச்மென்டை, பிறகு விற்றார் என்றால் அது நடக்கக்கூடியதே. ஆனால் அதற்கு இருப்புப் பதிவோ விற்பனை பில்லோ வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை.

புதிய ஆதாரம் வந்தால் ஆணையர் அதை மதிப்பீட்டு அலுவலரின் பார்வைக்கு அனுப்பி அவரிடம் ஓர் அறிக்கை கேட்பார். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, வரிக்கு வரி பதில் எழுத வேண்டும். நம் வழக்கில் அறிக்கை, ‘பில்கள் யாவும் பின்னர் தயாரிக்கப்பட்டவை போல் தோன்றுகின்றன’ என்று ஒரே வாக்கியத்தில் முடிந்தது. எந்த வியாபாரியும் விசாரிக்கப்படவில்லை. ஆணையர் தாமதத்தை மன்னித்தார். வங்கியிலிருந்து எடுத்த 3 லட்சத்தை நீக்கினார். அந்த அறிக்கையை ஏற்று மீதி 17 லட்சத்தை உறுதி செய்தார்.

ஆணையரும் அதே துறையைச் சேர்ந்தவர்தானே? அங்கே போய் என்ன பயன்?

பயன் உண்டு. முன்பு சேலத்திலேயே மேல்முறையீட்டு ஆணையர் முன்னால் நேரில் உட்கார்ந்து பேச முடிந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் பெரும்பாலான வழக்குகள் முகமறியா முறைக்கு மாறிவிட்டன. உங்கள் மனுவை எந்த ஊரில் இருக்கும் ஆணையர் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது, சேலம் காந்தி சாலை வருமான வரி அலுவலகத்தில் கேட்டாலும் தெரியாது. பேச வேண்டுமானால் காணொலி விசாரணை கேட்கலாம். 2021-ஆம் ஆண்டுத் திட்டப்படி கேட்டால் தர வேண்டும். கேட்காதவருக்கு எழுத்துதான் எல்லாம்.

சட்டம் இந்த அதிகாரிக்கு ஓரளவு பாதுகாப்புத் தந்திருக்கிறது. மேல்முறையீட்டுப் பணியில் அவருடைய முடிவெடுக்கும் உரிமையில் தலையிடும் வகையில் வாரியம் உத்தரவிடக் கூடாது என்று 119-ஆம் பிரிவு சொல்கிறது. தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் எவை, முடிவு என்ன, காரணம் என்ன என்று எழுதித்தான் அவர் உத்தரவு போட வேண்டும் என்று 250(6) சொல்கிறது. நோட்டீசுக்குப் பதில் வரவில்லை என்பதற்காக மேல்முறையீட்டை அப்படியே தள்ளிவிட முடியாது, தகுதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று மும்பை உயர் நீதிமன்றம் 2016-இல் கூறியது. இத்தனையும் இருந்தும், அவருடைய இடமாற்றம், பதவி உயர்வு, ஆண்டு மதிப்பீடு எல்லாம் வரியை வசூலிக்கும் அதே அமைப்பின் கையில்தான் இருக்கின்றன. நேர்மையான ஆணையர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் குடிமகனின் வழக்கு ஓர் அதிகாரியின் தனிப்பட்ட துணிச்சலை நம்பி நிற்கக் கூடாது. எனவேதான் துறைக்கு வெளியே இரண்டாவது படி தேவைப்படுகிறது.

மேல்முறையீடு போனால் வரி கூடவும் வாய்ப்பு இருக்கிறதா?

ஆணையரிடம் இருக்கிறது. முன்னறிவிப்புத் தந்து, உங்கள் பதிலைக் கேட்ட பிறகு, மதிப்பீட்டை அவர் உயர்த்தலாம். நீங்கள் போட்ட மேல்முறையீட்டில் தீர்ப்பாயம் அப்படி உயர்த்த முடியாது.

தீர்ப்பாயத்தில் என்ன வேறாக நடக்கும்?

1941 ஜனவரி 25 முதல் இயங்கிவரும் இந்தத் தீர்ப்பாயம் நிதி அமைச்சகத்தின் கீழ் இல்லை. சட்ட அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வழக்கமாக ஓர் அமர்வில் நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் கணக்கியல் உறுப்பினர் ஒருவரும் இருப்பார்கள். மதிப்பிடப்பட்ட வருமானம் 50 லட்சத்துக்குள் இருந்தால் ஒற்றை உறுப்பினரே விசாரிக்கலாம். உங்கள் தரப்பில் ஆடிட்டரோ வழக்கறிஞரோ பேசுவார், துறைத் தரப்பில் அதன் பிரதிநிதி பேசுவார். இருவர் சொல்வதையும் இரு தரப்பையும் சாராத ஒருவர் கேட்கிறார். சேலத்துக்காரர் ஒருவரின் வழக்கில் இது நடப்பது பெரும்பாலும் இங்குதான் முதல் முறை.

ஆணையரின் உத்தரவு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் படிவம் 36 தாக்கல் செய்ய வேண்டும். 2024 அக்டோபருக்கு முன்பு இது 60 நாளாக இருந்தது. நம் தோட்டக்காரருக்கு 2024 நவம்பரில் உத்தரவு வந்தது, ஆகவே 2025 ஜனவரி 31 கடைசி நாள். மதிப்பிடப்பட்ட வருமானம் 2 லட்சத்துக்கு மேல் என்றால் கட்டணம் அதில் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். அவருடைய 23 லட்சத்துக்கு அந்த உச்சத் தொகையே வந்தது.

பேப்பர் புக் எனப்படும் ஆவணத் தொகுப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, எந்தப் பக்கம் ஆணையரிடம் ஏற்கெனவே கொடுக்கப்பட்டது என்று சான்று எழுத வேண்டும். இங்கே வாதம் இரண்டு புள்ளிகளில் நின்றது. முதலாவது, பில்லில் பான் எண்ணோடு இருந்த வியாபாரிகளில் ஒருவரைக்கூட விசாரிக்காமல் ‘தயாரிக்கப்பட்டவை போல் தோன்றுகின்றன’ என்று எழுதியது வெறும் ஐயம், அது ஆதாரமாகாது. இரண்டாவது, முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் இதே மாதங்களில், ஏறத்தாழ இதே அளவு ரொக்கம் செலுத்தப்பட்டிருக்கிறது. தோட்டத்தின் பரப்பும் மாறவில்லை. தீர்ப்பாயம் இரண்டையும் ஏற்று, அறுவடைக் காலத்து 14 லட்சத்தை நீக்கியது. ஜூலையில் செலுத்திய 3 லட்சத்துக்கு ஆவணம் இல்லாததால் அதை விட்டுக்கொடுக்கவில்லை. வரி 15,60,000-இலிருந்து 2,34,000 ஆனது.

இந்த முடிவில் நான் கவனிப்பது அந்த ஜூலைத் தொகையைத்தான். சுதந்திரமான விசாரணை என்றால் வரி செலுத்துவோர் கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று பொருளில்லை. ஆவணம் உள்ள தொகையையும் இல்லாத தொகையையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் பிரித்துப் பார்க்க யாரோ ஒருவர் நேரம் ஒதுக்கினார் என்பதே அதன் பொருள். முதல் உத்தரவில் நடக்காமல் போனது அதுதான்.

மீதி 3 லட்சத்துக்கும் உயர் நீதிமன்றம் போகலாமா?

போகலாம், ஆனால் அனேகமாக வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவீர்கள். 260A பிரிவின்படி உயர் நீதிமன்றம் ‘சாராம்சமான சட்டக் கேள்வி’ இருந்தால் மட்டுமே மேல்முறையீட்டை ஏற்கும். நடந்தது என்ன என்பதைத் தீர்மானிக்கும் கடைசி இடம் தீர்ப்பாயம். ஜூலையில் காப்பி விற்றாரா இல்லையா என்பது நடந்தது பற்றிய கேள்வி. அது அங்கேயே முடிந்துவிட்டது.

சட்டக் கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கும் காப்பியிலேயே உதாரணம் உண்டு. தானே விளைவித்த காப்பியைத் தானே க்யூரிங் செய்து, அதாவது பார்ச்மென்டின் தோலை நீக்கித் தரம் பிரித்து விற்றால், 7B விதிப்படி அந்த வருமானத்தில் 25 சதவீதம் வணிக வருமானமாகி வரிக்கு உட்படும்; வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். விளைந்ததைச் சந்தைக்குத் தகுந்ததாக்க விவசாயிகள் வழக்கமாகச் செய்யும் வேலையை மட்டும் செய்து விற்றால் அது விவசாய வருமானம், மத்திய வரி இல்லை. ஒரு தோட்டக்காரர் பழத்தைப் பல்ப் செய்து, கழுவி, களத்தில் உலர்த்தி பார்ச்மென்டாக விற்றாரா, இல்லை க்யூரிங் முடித்து விற்றாரா என்பது நடந்தது பற்றிய கேள்வி. பல்ப் செய்து உலர்த்துவதையே க்யூரிங் என்று கொள்ளலாமா என்று ஒரு அலுவலர் கேட்டால், அது சட்டக் கேள்வி. முதலாவதை பில்லும் எடைச்சீட்டும் தீர்க்கும். இரண்டாவதைத் தீர்க்கச் சட்டத்தின் சொற்களைப் படிக்க வேண்டும், அதற்குத்தான் இரு நீதிபதிகள் அமர்வு.

ஆதாரம் எதுவுமே இல்லாமல், அல்லது இருந்த ஆதாரத்தைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் தீர்ப்பாயம் ஒரு முடிவுக்கு வந்திருந்தால், அந்தக் கோணல் முடிவும் சட்டக் கேள்வியாகிவிடும். அதை நிரூபிக்க, பார்க்கப்படாத ஆவணம் பேப்பர் புக்கில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று காட்ட முடிய வேண்டும். கால வரம்பு 120 நாள். சேலம் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லையில் இல்லை. சென்னையில்தான் தாக்கல் செய்ய வேண்டும்.

துறையும் நினைத்தபடி மேலே போக முடியாது. 2024 செப்டம்பர் 17 சுற்றறிக்கையின்படி, சில விதிவிலக்குகள் தவிர, வரித் தொகை 60 லட்சத்தைத் தாண்டினால்தான் துறை தீர்ப்பாயத்துக்கும், 2 கோடியைத் தாண்டினால் உயர் நீதிமன்றத்துக்கும், 5 கோடியைத் தாண்டினால் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். நம் தோட்டக்காரரைப் போன்றவர்கள் ஒரு படியில் வென்றால் வழக்கு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இத்தனை படி ஏறுவதற்குப் பதில் நேரே ரிட் போட்டால் என்ன?

மேல்முறையீடு என்ற வழி திறந்திருக்கும்போது உயர் நீதிமன்றம் பொதுவாக ரிட் மனுவை ஏற்பதில்லை. நோட்டீசே தராமல் உத்தரவு போட்டது, அதிகாரமே இல்லாதவர் உத்தரவு போட்டது, சட்டப் பிரிவே செல்லாது என்பது போன்ற நிலைகளில் ஏற்கும். நம் வழக்கில் நோட்டீஸ் இணையதளத்தில் இருந்தது; ஆகவே ரிட் பலவீனமானது. ரிட்டில் வென்றாலும் உத்தரவு ரத்தாகி வழக்கு மீண்டும் அலுவலரிடமே போவதுதான் பெரும்பாலும் நடக்கும்.

உச்ச நீதிமன்றம் வரை போனவர்களும் இருக்கிறார்களே?

உயர் நீதிமன்றம் தகுதிச் சான்று தந்தால் போகலாம். இல்லாவிட்டால் அரசியலமைப்பின் 136-ஆவது பிரிவின்படி சிறப்பு அனுமதி மனு. அந்த மனு காரணம் ஏதும் சொல்லாமல் தள்ளுபடியானால், கீழ்த் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் சரியென்று ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து நிலைபெற்ற சட்டம்.

தீர்ப்பாய உறுப்பினர்களையும் அரசுதானே நியமிக்கிறது? அதை எப்படிச் சுதந்திரமானது என்கிறீர்கள்?

இது சரியான கேள்வி. இதற்கான போராட்டம் இன்னும் ஓயவில்லை. தீர்ப்பாயங்களில் அரசே மிகப் பெரிய வழக்காளி. உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதும், அவர் எத்தனை ஆண்டு இருப்பார் என்று முடிவு செய்வதும், மறு நியமனம் தருவதும் அந்த வழக்காளியின் கையில் இருந்தால், எதிர்த் தரப்பில் இருப்பவருக்கு அந்த இருக்கையின் மீது எப்படி நம்பிக்கை வரும்?

அழுத்தம் எப்படி வரும் என்பதற்கு ஒரு பதிவு இருக்கிறது. வருமான வரித் தீர்ப்பாயத்தின் உறுப்பினர்கள் பிறப்பித்த ஓர் உத்தரவைக் குறித்து மத்திய சட்டத் துறைச் செயலாளர் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார். நிர்வாகத்தில் தமக்கு மேலே இருப்பவர் இப்படிக் கேட்டால் அடுத்த உத்தரவை எழுதும்போது எந்த உறுப்பினரின் கையும் தயங்கும். 1998-இல் உச்ச நீதிமன்றம் அதை நீதிமன்ற அவமதிப்பு என்றே தீர்ப்பளித்தது.

வழக்காடியவர்களில் சென்னைக்காரர்களுக்குத் தனி இடம் உண்டு. வரி வழக்குகளில் உயர் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகாரத்தை எடுத்துத் தேசிய வரித் தீர்ப்பாயம் ஒன்றுக்குக் கொடுக்க 2005-இல் இயற்றப்பட்ட சட்டத்தை, மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உறுப்பினர் பதவிக் காலத்தை நான்கு ஆண்டாகக் குறுக்கிய, 50 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தடுத்த 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பாயச் சீர்திருத்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளும் அதே அமைப்பின் வழக்கில் 2025 நவம்பரில் ரத்தாயின.

ஒரு படியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஜிஎஸ்டி காட்டியது. 2017 ஜூலையில் வரி வந்துவிட்டது, தீர்ப்பாயம் வரவில்லை. அதில் நீதித்துறை உறுப்பினரைவிடத் துறை சார்ந்த உறுப்பினர்கள் அதிகமாக இருக்கும்படி அமைத்திருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் செல்லாது என்றது. சட்டத்தைத் திருத்தி, தீர்ப்பாயம் தொடங்கப்பட்டது 2025 செப்டம்பரில்தான். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில், சேலத்தில் துணிக்கடையோ வெள்ளிப் பட்டறையோ நடத்துபவர் முதல் மேல்முறையீட்டில் தோற்றால், சில ஆயிரம் ரூபாய்ப் பிரச்சினைக்குக்கூட உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும், அல்லது நியாயம் தம் பக்கம் இருந்தாலும் கட்டிவிட வேண்டும். பலர் கட்டினார்கள். வழக்குச் செலவு வரியைவிட அதிகம் என்றால் வேறென்ன செய்வார்கள்?

தீர்ப்பாயத்தில் வென்றாயிற்று. பணம் தானாக வந்துவிடுமா?

தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் உத்தரவை மதிப்பீட்டு அலுவலர் தனியாகப் பிறப்பிக்க வேண்டும். தீர்ப்பாய உத்தரவு துறைக்குக் கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து மூன்று மாதம் அதற்கான வரம்பு. மேலதிகார அமைப்பின் உத்தரவு தமக்கு உடன்பாடில்லை என்பதற்காகக் கீழ் அலுவலர் அதைப் பின்பற்றாமல் இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் உத்தரவின் நகலோடு ஒரு கடிதம் எழுதி இணையதளத்தில் பதிவேற்றுவது நல்லது. நம் தோட்டக்காரர் முன்பே கட்டிய 3,12,000-இல் 2,34,000 வரியும் அதற்குரிய வட்டியும் போக மீதிதான் திரும்பும். 78,000 முழுவதும் வராது.

அபராத உத்தரவை மறந்துவிடாதீர்கள். 69A பிரிவில் சேர்த்த தொகைக்கு 271AAC பிரிவில், 60 சதவீத வரியில் பத்தில் ஒரு பங்கு தனி அபராதம் போடுவார்கள். முதல் உத்தரவுப்படி அது 1,20,000. அது தனி உத்தரவு என்பதால் அதற்கும் 30 நாளுக்குள் தனியாகப் படிவம் 35 போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால், தீர்ப்பாயம் 3 லட்சத்தை மட்டும் நிலைநிறுத்திய பின் அபராதம் 18,000-ஆகக் குறையும். போடாதவர்கள், திருத்தம் கோரி 154-ஆம் பிரிவின்படி மனு கொடுத்து, தீர்ப்பாய உத்தரவின் நகலை அதனுடன் இணைக்க வேண்டும்.